பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு அவனுடைய கணக்கு டியூஷன் ஆசிரியர் எழுதிய கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்துவிட்டேன். இருபடிச் சமன்பாட்டில் கொடுத்த கணக்குகள் எல்லாவற்றையும் போட்டிருக்கிறாய். எல்லா விடையும் சரி. ஆனாலும் அந்தப் பேருந்துக் கணக்குக்குப் பக்கத்தில் நான் டிக் போடாமல் ஒரு சிறிய வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை எதிரில் வைத்துக்கொண்டு இதைப் படி.

கணக்கு இதுதான். ஒரு பேருந்து 90 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால், பயணம் 30 நிமிடம் குறைந்திருக்கும். அப்படியானால் பேருந்தின் வேகம் என்ன? நீ எழுதியிருப்பது:

90/x − 90/(x + 15) = 1/2

1350/(x² + 15x) = 1/2

x² + 15x − 2100 = 0

(x + 60)(x − 45) = 0

x = 45

மூன்றாவது வரியைப் பார். 1350-ஐ இரண்டால் பெருக்கினால் 2700 வரும். நீ 2100 என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் 60, 45 என்ற காரணிகள் சரியாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. 60-ஐ 45-ஆல் பெருக்கினால் 2700. கையில் 2100-ஐ வைத்துக்கொண்டு காரணிப்படுத்தியவனுக்கு இந்த இரண்டு எண்களும் கிடைத்திருக்கவே முடியாது. அவன் அந்த இடத்தில் முட்டி நின்றிருப்பான், பின்னால் திரும்பிப் பார்த்திருப்பான், தவறைப் பிடித்திருப்பான். உன் பேனா நிற்காமல் போயிருக்கிறது. அந்த போட்டோவில் யாரோ எழுதிய 7, மேல்கோடு சிறியதாகி 1 போலத் தெரிந்திருக்க வேண்டும். உன் பக்கத்தில் உட்காருகிற இருவரின் நோட்டிலும் அதே 2100 இருக்கிறது.

கேட்டபோது நீ மறைக்கவில்லை. "நைட்டு குரூப்ல போட்டோ வந்துச்சு சார். பார்த்தேன், புரிஞ்சுது, எழுதிட்டேன்" என்றாய். போன தேர்வின் விடைத்தாளைக் கொடுத்த அன்றைக்கு நீயே இன்னொன்றும் சொன்னாய்: "பார்த்தா புரியுது சார், தனியா போட்டா வரமாட்டேங்குது." இந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பதால்தான் இந்தக் கடிதம். புரிந்தது என்று நீ சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் உனக்குப் புரிந்தது எது என்பதைத்தான் நாம் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

முதல் வரியிலிருந்து இரண்டாவது வரி எப்படி வந்தது, இரண்டிலிருந்து மூன்று எப்படி வந்தது என்பது உனக்குப் புரிந்தது. குறுக்கே பெருக்கியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள், காரணி பிரித்திருக்கிறார்கள். இதெல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே நீ கற்றது. இந்தக் கணக்கில் புதிதாக இருப்பது முதல் வரி மட்டும்தான். அந்த வரி எங்கிருந்து வந்தது என்பது போட்டோவில் இல்லை, எந்தக் கைடிலும் இருக்காது. வினாத்தாளில் நீ பார்க்கப்போவது தமிழில் எழுதிய மூன்று வாக்கியங்களை. அவற்றுக்கும் முதல் வரிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நீதான் கடக்க வேண்டும். அம்மா போட்டு முடித்த சிக்குக் கோலத்தின் மேல் விரலை ஓட்டுவது யாருக்கும் வரும். வெறும் புள்ளிகள் மட்டும் இருக்கும் வாசலில் இழையை எங்கே தொடங்குவது என்பதுதான் கோலம் போடத் தெரிவது.

அந்த முதல் வரிக்கு முன்னால் என்னென்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று பார். எதை x என்று வைப்பது? வேகத்தையா, நேரத்தையா? கொடுத்திருப்பது தூரமும் வேகமும், ஆனால் ஒப்பிடச் சொல்வது நேரத்தை. ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து நேரமாக மாற்ற வேண்டும் என்று தோன்ற வேண்டும். இரண்டு நேரங்களில் எது பெரியது? மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் ஆகும். அதனால் 90/x முன்னால், 90/(x + 15) பின்னால். வேகம் மணிக்கணக்கில் இருக்கிறது, மிச்சமான நேரமோ நிமிடத்தில் இருக்கிறது. அதையும் மணியாக்க வேண்டும். இத்தனை யோசனையும் சேர்ந்துதான் அந்த ஒரே வரி. போட்டோவைப் பார்த்து எழுதும்போது இவற்றில் ஒன்றைக்கூட நீ செய்ய வேண்டியதில்லை. வேறு யாரோ உனக்காகச் செய்து வைத்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமே தோணலையே சார், அப்புறம் எப்படி முயற்சி பண்றது?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. முயற்சி என்றால் சரியான முதல் வரியை எழுதுவது என்று நினைக்கிறாய். அப்படி இல்லை. x-ஐயே மறந்துவிடு. ஒரு வேகத்தைச் சும்மா வைத்துப் பார்.

மணிக்கு 30 கி.மீ. என்று வை. 90 கி.மீ. போக 3 மணி நேரம். 15 கூட்டினால் வேகம் 45. இப்போது 2 மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம். நமக்கு வேண்டியது அரை மணி நேரம்தான். ஆகவே 30 தவறு. சரி, 60 என்று வை. 90 கி.மீ. போக ஒன்றரை மணி நேரம். 15 கூட்டினால் 75. 90-ஐ 75-ஆல் வகுத்தால் 1.2 மணி, அதாவது 1 மணி 12 நிமிடம். மிச்சம் 18 நிமிடம்தான். அதுவும் தவறு. முதலில் வைத்ததில் மிச்சம் அதிகமாகப் போயிற்று, அடுத்ததில் குறைந்துவிட்டது; ஆகவே விடை 30-க்கும் 60-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நடுவில் 45-ஐ வைத்துப் பார்த்தால் 2 மணி நேரமும், 60-இல் ஒன்றரை மணி நேரமும் வருகிறது. மிச்சம் சரியாக 30 நிமிடம்.

இயற்கணிதம் ஒரு வரிகூட எழுதவில்லை, விடை வந்துவிட்டது. தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் வராது என்பது உண்மை. ஆனால் இந்த மூன்று முறை நீ என்ன செய்தாய் என்று கவனி. 90-ஐ ஒரு வேகத்தால் வகுத்தாய், 90-ஐ அந்த வேகத்தோடு 15 கூட்டிய எண்ணால் வகுத்தாய், முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்தாய், அரை மணி வருகிறதா என்று பார்த்தாய். 30, 60, 45 என்று மாற்றி மாற்றி வைத்த இடத்தில் x-ஐ வைத்தால் போட்டோவில் இருக்கிற அதே முதல் வரி. எதை முதலில் எழுதுவது, எதைக் கழிப்பது என்ற குழப்பமே வராது, ஏனென்றால் அதை எண்களோடு நீயே செய்துவிட்டாய். என்னிடம் வருகிற பிள்ளைகளில் சொல்கணக்கு என்றாலே பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இனி, முயன்று தவறாகப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். உன் பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாகப் போட்டு அடித்துத் திருத்துவதைவிட, சரியாக இருப்பதைப் பார்த்து எழுதினால் நோட்டு சுத்தமாக இருக்குமே என்று நினைக்கிறாய். ஆனால் இந்தக் கணக்கில் வரக்கூடிய தவறுகள் எவ்வளவு பேசுகின்றன, பார்.

கழித்தலை மாற்றிப் போட்டுவிட்டாய், 90/(x + 15) முன்னால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். சமன்பாடு x² + 15x + 2700 = 0 என்று வரும். காரணி பிரிக்க முடியாது. சூத்திரத்துக்குப் போனால் தன்மைகாட்டி 225 − 10800, குறை எண். மெய் மூலங்களே இல்லை. அதாவது, வேகத்தைக் கூட்டியதால் நேரமும் கூடுகிற ஒரு பேருந்தைக் கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்று கிடையாது என்று சமன்பாடு பதில் சொல்கிறது. நிமிடத்தை மணியாக்க மறந்து 30 என்றே போட்டால் x² + 15x − 45 = 0 வரும். அதன் விடை ஏறத்தாழ 2.56. மணிக்கு இரண்டரை கி.மீ. போகிற பேருந்தை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம். இப்படி ஒரு விடை வந்தவுடன், அலகில் எங்கோ கோளாறு என்று உனக்குத் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு தவறும் தாங்களாகவே கத்திச் சொல்லிவிடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. 30 நிமிடத்தை 0.30 மணி என்று எழுதுவது. ரூபாய்க்கு நூறு காசு என்ற பழக்கத்தில் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். அப்போது 1350-ஐ 0.3-ஆல் வகுக்க 4500; சமன்பாடு x² + 15x − 4500 = 0. இது அழகாகக் காரணி பிரியும்: (x + 75)(x − 60) = 0. விடை 60. முழு எண், பேருந்துக்குப் பொருத்தமான வேகம், எந்த இடத்திலும் முட்டவில்லை. ஆனால் தவறு. எப்படித் தெரியும்? 60-ஐக் கணக்கிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மேலே வைத்துப் பார்த்தோமே, மிச்சம் 18 நிமிடம்தான் வந்தது. 0.3 மணி என்பது 18 நிமிடம். தவறு எந்த இடத்தில் என்பதைக்கூட அந்த 18 காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தத் தவறை ஒரு முறை தானே செய்து, 18 நிமிடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவன், பிறகு அரை மணியை 0.30 என்று எழுத மாட்டான். போட்டோவில் 1/2 என்று சரியாக இருப்பதைப் பார்த்து எழுதியவனுக்கு, அது ஏன் 0.30 இல்லை என்று யோசிக்கவே சந்தர்ப்பம் வரவில்லை. தேர்வு அன்றைக்குத்தான் அவன் அந்தக் குழியில் விழுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. கடைசி வரியில் −60 என்ற மூலத்தை, வேகம் குறை எண்ணாக இருக்காது என்று தள்ளிவிடுகிறோம். விடை 45, தள்ளியது −60. ஆனால் 45-உடன் 15 கூட்டினால் 60, அதாவது பேருந்து வேகமாகப் போயிருந்தால் இருந்திருக்கும் வேகம். இது தற்செயல் இல்லை. காரணி பிரிக்கும்போது, பெருக்கினால் 2700, வித்தியாசம் 15 என்று இரண்டு எண்களைத் தேடுகிறாயே, அவை கணக்கில் இருக்கிற இரண்டு வேகங்களேதான். x(x + 15) = 2700 என்ற வரியிலேயே அது நேராகத் தெரிகிறது. கையால் போடுகிறவனுக்கு ஒரு நாள் இது கண்ணில் படும். பட்ட பிறகு இந்த வகைக் கணக்கில் காரணி தேடுவது அவனுக்கு ஒரு சிரமமாகவே இருக்காது.

பார்த்து எழுதுவதால் என்ன ஆகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கிளாஸ், மெங்சுவே காங் என்ற இருவர், பதினோரு ஆண்டுகள் கல்லூரி மாணவர்களின் வீட்டுப்பாட மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் சரியாக எழுதிவிட்டுத் தேர்வில் அதைவிடக் குறைவாக எடுத்தவர்கள் 2008-இல் 14 சதவீதம். 2017-இல் அது 55 சதவீதமாகிவிட்டது. இடையில் விடைகள் இணையத்திலும் போனிலும் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. மாணவர்களிடமே கேட்டபோது, தானே யோசித்து விடை எழுதியவர்களுக்கு வீட்டுப்பாடம் தேர்வில் கைகொடுத்தது. பார்த்து எழுதியவர்களுக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அறிவு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. செய்த வேலை வேறு, அதனால் கிடைத்த பலனும் வேறு.

முதலில் தவறாகவாவது முயல்வது நல்லதா, நேராகச் சரியான விடையைப் படிப்பது நல்லதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நேட் கார்னெல், மேத்யூ ஹேஸ், ராபர்ட் பியோர்க் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், தொடர்பு குறைவான இரண்டிரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சில ஜோடிகளை 13 விநாடிகள் முழுவதும் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவற்றில் முதல் சொல்லை மட்டும் காட்டி, இரண்டாவது என்னவாக இருக்கும் என்று 8 விநாடிகள் ஊகிக்கச் சொல்லிவிட்டு, விடையை 5 விநாடிகள் மட்டும் காட்டினார்கள். ஊகம் பெரும்பாலும் தவறாகவே இருந்தது. இருந்தும், தவறாக ஊகித்துவிட்டு விடையைக் குறைந்த நேரம் பார்த்தவைதான் பிறகு நன்றாக நினைவில் நின்றன. இது சொற்களில் செய்த சோதனை, கணக்கில் செய்தது இல்லை. அதற்கு மேல் இதை இழுக்க மாட்டேன். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனி. ஊகித்த பிறகு சரியான விடையைக் காட்டினார்கள். முயன்ற பிறகு விடையைப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் பலன். ஆகவே உன் போட்டோவை நான் அழிக்கச் சொல்லப்போவதில்லை.

அதோடு, முதலிலேயே விடையைப் பார்ப்பது சரியாக இருக்கிற இடமும் ஒன்று உண்டு. பாடம் முற்றிலும் புதிது, சூத்திரமே இன்றைக்குத்தான் பார்த்தோம் என்றால், போட்டுக் காட்டிய கணக்கை முதலில் பார்ப்பதுதான் நல்லது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் கற்பவர்களிடம் செய்த சோதனைகளில், எடுத்துக்காட்டைப் படித்தவர்கள் வெறுமனே கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்களைவிடச் சீக்கிரமாகவும் தவறு குறைவாகவும் கற்றார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த முறையைப் பார்: ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியவுடன், அதே மாதிரி இன்னொரு கணக்கைப் பார்க்காமல் போடச் சொன்னார்கள். பாடநூலில் பயிற்சிக்கு முன்னால் எடுத்துக்காட்டுகள் இருப்பது இதற்காகத்தான். எடுத்துக்காட்டுகளைத் தாராளமாகப் படி. பயிற்சிக் கணக்குகளையும் எடுத்துக்காட்டு போலவே படித்துவிட்டால், நீயே போடுவதற்கென்று எதுவும் மிஞ்சாது.

பொதுத்தேர்வில் இது எங்கே இடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஐந்து மதிப்பெண் பகுதியில் பத்து கேள்விகள் எழுத வேண்டும். அது மட்டுமே நூற்றுக்கு ஐம்பது. அதில் ஒன்று கட்டாய வினா, அதைத் தவிர்த்துவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பேருந்து ரயிலாகலாம், 90 வேறு எண்ணாகலாம், வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையலாம். போட்டோவின் வரிகளை மனதில் வைத்திருக்கிறவன் எங்கே எதை மாற்றுவது என்று தெரியாமல் நிற்பான். முதல் வரியைத் தானே கட்டத் தெரிந்தவன் காரணியில் தடுமாறினாலும், அதுவரை எழுதிய ஸ்டெப்புகளுக்கு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

நீ ஏன் பார்த்து எழுதுகிறாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளி முடிந்து ஸ்பெஷல் கிளாஸ், அதற்குப் பிறகு என்னிடம் டியூஷன், வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடுகிறது. அறிவியல் ரெக்கார்டு பாக்கி, சமூக அறிவியல் மேப் பாக்கி, மறுநாள் காலையில் கணக்கு நோட்டு வைக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு போட்டோ வருகிறது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஆகவே என் பங்குக்கு நான் ஒன்றை மாற்றுகிறேன். இனிமேல் என் டியூஷன் நோட்டில் பயிற்சி முழுவதையும் போட வேண்டாம். மூன்று கணக்கு போதும். மூன்றையும் நீயே போட வேண்டும். முடியாத கணக்கு எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியோடு கொண்டு வா. பாதியில் நின்ற கணக்குக்கு நான் திட்ட மாட்டேன். பாதியில் நின்ற வரிதான் எனக்கு வேண்டும். அடுத்த நாள் உனக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை அது எனக்குச் சொல்லும். முழுதாக, சுத்தமாக, சரியாக இருக்கிற நோட்டில் எனக்கு எதுவுமே தெரிவதில்லை.

எப்படிச் செய்வது என்று கேட்டால், இப்படிச் செய். போனை அம்மாவிடம் கொடுத்துவிடு, அல்லது அடுத்த அறையில் வை. கணக்கை இரண்டு முறை படி. கொடுத்தது என்ன, கேட்டது என்ன என்பதை ரஃப் நோட்டில் எழுது. எதை x என்று வைக்கிறாய் என்பதை வாக்கியமாகவே எழுது: பேருந்தின் வேகம் மணிக்கு x கி.மீ. என்க. அந்த ஒரு வரியை எழுதாமல்தான் பாதிப் பேர் கடைசியில் வேகம் கேட்ட இடத்தில் நேரத்தை விடையாக எழுதிவிட்டு வருகிறார்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் நான் மேலே காட்டியபடி ஓர் எண்ணை வைத்துப் பார். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கொடு. அதற்கு மேல் ஒரு கணக்கோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்; பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அது போதும்.

அந்த நேரத்துக்குள் வரவில்லை என்றால், எழுதியதன் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு போட்டோவைத் திற. ஆனால் முழுவதையும் பார்க்காதே. ஒரு தாளால் மறைத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் பார். உன் வரியோடு ஒப்பிடு. எங்கே வித்தியாசம் என்று தெரிந்தால் தாளை மூடிவிட்டு, மீதியை நீயே போடு. மறுபடி நின்றால் அடுத்த வரியைத் திற. பார்த்து எழுதிய வரிகளை மட்டும் வேறு நிறப் பேனாவில் எழுது. நோட்டைத் திறந்தவுடன், எந்த இடத்தில் உனக்கு உதவி தேவைப்பட்டது என்று நம் இருவருக்கும் தெரியும். சிலருக்கு எல்லாக் கணக்கிலும் முதல் வரி மட்டும் நிறம் மாறியிருக்கும், சிலருக்குக் காரணி பிரிக்கிற வரி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நீ போட்டதும் போட்டோவில் இருப்பதும் ஒன்றாக இல்லை என்றால் உடனே அடித்துவிடாதே. இந்தக் கணக்கிலேயே வேகத்துக்குப் பதில் நேரத்தை t என்று வைத்தவனுக்கு 90/(t − 1/2) − 90/t = 15 என்று வரும். சுருக்கினால் 2t² − t − 6 = 0. காரணி பிரித்தால் (2t + 3)(t − 2) = 0; நேரம் 2 மணி, ஆகவே வேகம் 45. போட்டோவில் இருப்பதைவிட எண்கள் சின்னவை, 2700-க்குக் காரணி தேடுகிற வேலையும் இல்லை. இப்படிப் போட்டு வந்த ஒரு மாணவி, "போட்டோல வேற மாதிரி இருந்துச்சு சார்" என்று சொல்லி அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி பார்த்து எழுதியிருந்தாள். அழித்த தடத்தின் மேல் வெளிச்சம் படும்படி நோட்டைச் சாய்த்துத்தான் அதைப் படித்தேன். அவள் போட்டதுதான் நல்ல வழி. போட்டோ ஒரு வழியைத்தான் காட்டும். உன்னுடையது சரியா என்று பார்க்க, விடையைக் கணக்கிலேயே வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. 45-இல் 2 மணி, 60-இல் ஒன்றரை மணி, வித்தியாசம் அரை மணி. இதற்கு எந்தப் போட்டோவும் தேவையில்லை. போட்டோவில் தவறு இருந்தால் அதையும் இது பிடித்துவிடும். 

பார்த்துப் போட்ட கணக்கை இரண்டு நாள் கழித்து, எதையும் பார்க்காமல், வெறும் தாளில் இன்னொரு முறை போட்டுப் பார். அப்போது வந்தால் உனக்கு வந்துவிட்டது. போட்ட உடனே வருவதை நம்பாதே. அப்போதுதான் பார்த்த வரிகள் கண்ணுக்குள் நின்றுகொண்டிருக்கும்.

வியாழக்கிழமைக்கு உனக்கு ஒரே ஒரு கணக்கு. எந்த கைடிலிருந்தும் எடுக்கவில்லை, எண்களை நானே போட்டது. குரூப்பில் தேடினாலும் கிடைக்காது. ஒரு வேன் 120 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். வேனின் வேகம் என்ன? முதலில் ஏதாவது இரண்டு எண்களை வைத்துப் பார், பிறகு சமன்பாடு எழுது. விடை வந்த பிறகு, நீ தள்ளிவிட்ட குறை மூலம் எந்த வேகத்தோடு சம்பந்தப்பட்டது என்று ஒரு வரி எழுதி வை. அடித்தது, கிறுக்கியது எதையும் அழிப்பானால் அழிக்காதே. ரஃப் நோட்டையும் சேர்த்துக் கொண்டு வா.

அன்புடன்,
உன் கணக்கு சார்